மஞ்சள்தானே, ரத்தம் இல்லையே

யோகலட்சுமி பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் சளியைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "லேப் டெக்னீசியன்" என்பாள். அதற்கு மேல் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள். அதன் பிறகு அவள் இலைக்குப் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைத் தொடமாட்டார். இதில் அவளுக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் வேலை பார்த்த அரசு சுகாதார நிலையம் மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருந்தது. சாரல் தொடங்கிவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது. அருவியில் தலையைக் கொடுத்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஈரத் துண்டோடு காரில் ஏசியைப் போட்டு உட்கார்ந்து, அப்புறம் இருமல் வந்ததற்கு அருவித் தண்ணீரில் மூலிகை கூடிப்போனதுதான் காரணம் என்று சொல்கிற ஜனங்கள். உடம்புக்கு நல்லது என்று வந்தவர்களே உடம்புக்கு முடியாமல் வரிசையில் நிற்பதைப் பார்ப்பது யோகலட்சுமிக்கு வருடாந்திரக் கேளிக்கை.

சளியின் நிறத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் கருத்து இல்லாத ஆள் கிடையாது. வெள்ளை என்றால் குளிர்ச்சி. மஞ்சள் என்றால் சளி பழுத்துவிட்டது, இனி தானாக விழுந்துவிடும். பச்சை என்றால் பித்தம். சிவப்பு என்றால் சூடு. இப்படிப் பழங்கடைக்காரன் மாதிரி நிறம் பார்த்துச் சொல்லுகிறவர்களில் ரிட்டயர்டு தாசில்தாரும் உண்டு, எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவரும் உண்டு. ஒருவர் நாலு நாள் சளியையும் வரிசையாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அவளுக்கே அனுப்பியிருந்தார், கீழே காலை வணக்கத்தோடு.

அவர்கள் எல்லோருக்கும் யோகலட்சுமி ஒரே பாட்டைத்தான் படிப்பாள். மஞ்சளோ பச்சையோ, உடம்பு எதையோ எதிர்த்துச் சண்டை போடுகிறது என்று காட்டும். எதை எதிர்த்து என்று காட்டாது. சாதாரணச் சளிக் காய்ச்சலிலும் பச்சையாக வரும், காசத்திலும் வரும். துரு நிறத்தில் வந்து, காய்ச்சலும் நெஞ்சுக் குத்தலும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம். ரத்தம் கோடு கோடாக வந்தால், கடுமையாக இருமித் தொண்டைப் பக்கம் கீறியதாகவும் இருக்கலாம், காசமாகவும் இருக்கலாம், அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். "நிறத்த வச்சு நோயச் சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பாக்கேன்?" என்பாள். ஒரே ஒரு தடவை நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஓடியிருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு கிழவர் இளஞ்சிவப்பு நுரையாகத் துப்பியபோது, கப்பைக்கூட வாங்காமல் டாக்டரைக் கூப்பிட்டு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டாள். அவர் இதய நோயால் நுரையீரலில் நீர் கோத்தவர் என்று பிற்பாடு தெரிந்தது.

நிறம் பார்க்கிறவர்களை இவ்வளவு இளக்காரமாகப் பேசின அவள்தான், ஆவுடைநாயகம் அண்ணாச்சி விஷயத்தில் நிறத்தை மட்டும் பார்த்து ஒரு காரியம் செய்தாள்.

ஆவுடைநாயகத்துக்கு அறுபத்திரண்டு வயது. பண்பொழிப் பக்கம் தென்னந்தோப்பு, தென்காசியில் வீடு, கோயில் கமிட்டியில் பெயர். சட்டைப் பையில் எப்போதும் வெற்றிலைப் பெட்டி. முப்பது வருடம் சிகரெட் பிடித்துவிட்டு எட்டு வருடத்துக்கு முன்னால் நிறுத்தியவர். நிறுத்திய நாளிலிருந்து, புகை பிடிக்கிறவர்களுக்கு வருகிற எந்த வியாதியும் தன்னை அணுக முடியாது என்று நம்பினார். சிகரெட்டை விட்டவுடன் நுரையீரல் பழசையெல்லாம் மறந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அவரை அழைத்துக்கொண்டு வந்தது மனைவி ஜோதிலட்சுமி. மூன்று வாரமாகக் காலையில் பல் தேய்க்கிற இடத்தில், வெள்ளை வாஷ்பேசினில் சிவப்பு நூல் மாதிரி கிடந்ததை அந்த அம்மாள் பார்த்திருந்தாள். முதல் வாரம் அவர் வெற்றிலை என்றார். காலையில் பல் தேய்க்கும் முன்னால் ஏது வெற்றிலை என்று அவள் கேட்டாள். இரண்டாம் வாரம் சூடு என்று இளநீர் குடித்தார். மூன்றாம் வாரம் பீட்ரூட் பொரியலின் மேல் பழியைப் போட்டார். அந்த வீட்டில் பீட்ரூட் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பரிசோதித்து ஒரு பேப்பர் கொண்டுவந்தால்தான் இனி சமையல் என்று அவள் சொல்லிவிட்டதாக அவரே டாக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

டாக்டர் சண்முகப்பிரியா சின்ன வயது, பொறுமைசாலி. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று, சளிப் பரிசோதனை ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள். எக்ஸ்ரே தென்காசியில்தான் எடுக்க வேண்டும். அந்தச் சீட்டை அவர் நாலாக மடித்துப் பையில் வைத்ததோடு சரி. காசம் என்ற வார்த்தை டாக்டர் வாயிலிருந்து வந்ததுமே அவருக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"அது தோப்புலயும் செங்கல் சூளையிலயும் கிடக்கவங்களுக்கு வருத சீக்குல்லாம்மா. எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது" என்றார்.

காசநோய்க் கிருமி குடும்ப விவரம் விசாரித்துவிட்டு வருவதில்லை என்பதை டாக்டர் மரியாதையான வார்த்தைகளில் சொன்னாள். யோகலட்சுமி மரியாதையில்லாத வார்த்தைகளில் நினைத்துக்கொண்டாள்.

சளி எடுப்பதற்குக் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடிதான் இடம். மூடிய அறைக்குள் இருமினால் கிருமி நின்றுவிடும், வெளியில் காற்றோடு போய்விடும். ஆவுடைநாயகம் மரத்தடியில் நின்று, தொண்டையைச் செருமி, நாகரிகமாக ஒரு துப்புத் துப்பிக் கப்பைக் கொண்டுவந்தார். உள்ளே தண்ணீர் மாதிரி எச்சில். அது முழுக்க ஒரே சீரான செந்நிறம். அடியில் பாக்குத் துணுக்கு இரண்டு.

"அண்ணாச்சி, இது எச்சில். எனக்குச் சளி வேணும்" என்றாள் யோகலட்சுமி. நாளைக் காலை எழுந்ததும் வெற்றிலை போடாமல், வெறும் தண்ணீரில் நாலு தடவை வாய் கொப்பளித்து, மூச்சை நன்றாக இழுத்து அடக்கி, அடி நெஞ்சிலிருந்து இருமி வருவதைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். கெட்டியாக, ஒரு டீஸ்பூன் அளவாவது வேண்டும். புதுக் கப் ஒன்றில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தாள். நல்ல சளி என்றால் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டார். கெட்டியாக, மஞ்சளாக இருந்தால் பார்க்க வசதி என்று சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஆவுடைநாயகம் இதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு போனார்.

மறுநாள் எட்டரை மணிக்கே கார் வந்தது. கப்பைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி நீட்டினார். யோகலட்சுமி மூடியைத் திறக்காமல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவு நல்ல மாதிரி அவளுக்குக் கிடைத்து வெகு நாளாகியிருந்தது. மஞ்சளும் பச்சையும் கலந்து, கெட்டியாக, கப்பின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"போதுமா?" என்று கேட்டார், பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கி எழுதியவர் தோரணையில்.

"எதேஷ்டம்" என்றாள்.

அவர் வாயில் அப்போதும் வெற்றிலை இருந்தது. உதடு, பல், பல்லிடுக்கு எல்லாம் நாற்பது வருடச் சாயம். அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் வெளியே பதினாறு பேர் நின்றார்கள். மாதிரியைத் தயார் செய்து, மூலக்கூறுப் பரிசோதனை செய்கிற பெட்டி போன்ற சின்ன எந்திரத்தில் ஏற்றினாள். பதினோரு மணிக்கு எந்திரம் சொன்னது: காசநோய்க் கிருமி இருக்கிறது, மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான். சந்தேகத்துக்குக் கண்ணாடித் துண்டிலும் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

முடிவு ஆவுடைநாயகத்தின் பெயரில் கம்ப்யூட்டரில் ஏறியது. மறுநாள் சுகாதாரப் பார்வையாளர் கோமதிசங்கர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசி வீட்டுக்குப் போனார். வீட்டில் கூட யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, ஆளை அழைத்து வந்து எடை பார்த்து மாத்திரை தொடங்கவேண்டும். அதுதான் அவர் வேலை. வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும் ஆவுடைநாயகத்தின் முகம் போன போக்கைக் கோமதிசங்கர் திரும்பி வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சீக்கு என்று கேட்டுப் பயந்த முகம் இல்லையாம். கள்ளக்கணக்கு பிடிபட்ட முகமாம்.

ஜோதிலட்சுமி அன்றைக்கே அவருக்குத் தட்டு, தம்ளர், தலையணை எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். தட்டில் ஒட்டி வருகிற நோய் இல்லை இது, இருமுகிற காற்றில் வருவது என்று கோமதிசங்கர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. இரண்டு நாள் மாடியறையில் தனித் தட்டில் சாப்பிட்ட ஆவுடைநாயகம் மூன்றாம் நாள் சுகாதார நிலையத்தில் வந்து நின்றார், எந்திரம் தப்பு என்று சொல்ல. மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

எந்திரம் தப்பு, கம்ப்யூட்டர் தப்பு, அரசாங்கம் தப்பு என்று அவர் டாக்டர் அறையில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் யோகலட்சுமியை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் அவர் வாயைப் பார்த்தாள். மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருந்தது நிறம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, நாலு தடவ கொப்புளிச்சாலும் உங்க பல்லிடுக்குல இருக்குத சாயம் போகாது. வெத்தல போடுதவங்க கப்புல ஒரு சொட்டாவது செவப்பு தட்டும், ஒரு துணுக்காவது கிடக்கும். நீங்க கொண்டாந்ததுல ஒண்ணுமே கிடையாது. ரத்தமும் கிடையாது. மதினி மூணு வாரமா ரத்தத்தப் பாத்திருக்காவ. அது யாரு சளி?"

ஆவுடைநாயகம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, பெரிய உதவி ஒன்றைச் செய்தவர் போல, "நம்ம தோப்புல வேலைக்கு நிக்குத மாடனோடது" என்றார்.

ஏன் என்று டாக்டர் கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் யோகலட்சுமி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பது. ரத்தம் கலந்த சளியைக் கொடுத்தால் காசம் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே ரத்தம் இல்லாத, நல்ல சளியாகப் பார்த்து, தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். மாடன் ஒன்றரை மாதமாக இருமிக்கொண்டிருந்தான். கேட்டவுடன் வந்தது. "அவனுக்கு மஞ்சளாத்தான வருது? ரத்தம் இல்லியே" என்றார், தன் தேர்வில் என்ன குறை என்று புரியாதவராக.

"இருக்குத நூறு பேருல, சீக்குள்ளவனாப் பாத்துப் பொறுக்கியிருக்கேளே" என்றாள் யோகலட்சுமி.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை மாதமாக ஒருவன் இருமிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், அவன் சளியை மட்டும் அனுப்பியிருக்கிறீர்களே என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. கேள்வியே ஆவுடைநாயகத்துக்குப் புதிதாக இருந்தது போலத்தான் முகத்தில் தெரிந்தது.

அன்று மத்தியானமே கோமதிசங்கர் பண்பொழிக்குப் போய் மாடனை அழைத்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பனியன் தோளில் தொங்கியது. எடை மெஷின் நாற்பத்தொரு கிலோ காட்டியது. போன பொங்கலுக்கு ஐம்பது இருந்ததாக அவனே சொன்னான். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறதாம். தோப்பில் ஈரம் என்று நினைத்துக்கொண்டானாம். தன் சளி தனக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன விவரம் அவனுக்குத் தெரியாது.

"மொதலாளி ஒரு டப்பாவக் கொடுத்து இதுல துப்புலேன்னாவ. துப்புனேன். டீ வாங்கிக் குடுத்தாவ" என்றான்.

அவன் பெயரிலேயே புதுக் கப், புது மாதிரி, புது முடிவு. யோகலட்சுமி பழைய முடிவை ஆவுடைநாயகத்தின் பெயரிலிருந்து எடுக்க நாலு இடத்தில் கடிதம் எழுதினாள். மாதிரி மாறியது எப்படி என்று காரணம் எழுதுகிற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் விழித்தாள். மாடனுக்குச் சர்க்கரை பார்த்தார்கள், மற்றப் பரிசோதனைகளும் பார்த்தார்கள், அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். அவன் மனைவியையும் பிள்ளையையும் சோதிக்கக் கோமதிசங்கர் நாள் குறித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஆவுடைநாயகத்தின் சொந்தச் சளி. இந்த முறை யோகலட்சுமி அவரை வீட்டுக்கு விடவில்லை. வெற்றிலைப் பெட்டியை ஜோதிலட்சுமி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வேப்பமரத்தடியில் ஐந்து தடவை கொப்பளிக்க வைத்து, கொஞ்சம் தள்ளி, காற்று அவரை நோக்கிப் போகிற பக்கமாக முகக்கவசத்தோடு நின்று, மூச்சை இழுங்க, அடக்குங்க, இப்ப இருமுங்க என்று யோகலட்சுமி சொல்லிக்கொண்டே இருந்தாள். தோப்புக்காரர், கமிட்டிக்காரர், வேஷ்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு வளைந்து இருமினார். நாலாவது தடவை வந்தது. வெளுப்பான சளி. அதில் பாக்குச் சாயம் லேசாகக் கரைந்து பரவியிருந்தது. அந்தச் சாயத்தோடு சேராமல், தனியாக, சளிக்குள்ளேயே பதிந்த இரண்டு கோடுகள். வெற்றிலை கரையும், ரத்தம் இப்படி நூலாக நிற்கும் என்று ஜோதிலட்சுமிக்குக் காட்டினாள்.

மறுநாள் விடியற்காலை மாதிரியும் சேர்த்து இரண்டையும் ஓட்டினாள். இரண்டிலும் காசநோய்க் கிருமி இல்லை.

ஆவுடைநாயகம் அந்தப் பேப்பரை வாங்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். கோயில் கமிட்டித் தேர்தலில் ஜெயித்தபோதுகூட அப்படி நிமிர்ந்திருக்க மாட்டார். "நான் அன்னைக்கே சொன்னேம்லா, நம்ம குடும்பத்துல கிடையாதுன்னு" என்று மருந்து கொடுக்கிறவர், ஊசி போடுகிறவர், வரிசையில் நின்ற அருவிக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னார். மாடியறையிலிருந்து கீழே இறங்க அனுமதி, பழைய தட்டு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் மனைவியிடம் அங்கேயே கேட்டார்.

ஜோதிலட்சுமி பேப்பரைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"காசம் இல்லன்னு இருக்கு. சரி. ரத்தம் ஏன் வருதுன்னு இதுல எங்கன எழுதியிருக்கு?"

அங்கே இருந்தவர்களில் டாக்டருக்குப் படிப்பு ஆறு வருடம், யோகலட்சுமிக்கு அனுபவம் பத்தொன்பது வருடம். கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டது அந்த அம்மாள். டாக்டரும் அதையேதான் சொல்ல வாயெடுத்திருந்தாள். சளியில் கிருமி இல்லை என்றால் காசம் இருக்க வாய்ப்புக் குறைவு என்றுதான் அர்த்தம், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. அறுபது தாண்டிய, முப்பது வருடம் புகைத்த ஆளுக்கு மூன்று வாரம் ரத்தம் வந்தால், காரணம் தெரிகிற வரைக்கும் தேடியே ஆகவேண்டும். அந்த எக்ஸ்ரே சீட்டு எங்கே என்று கேட்டாள். அது அவர் சட்டைப் பையில், வெற்றிலைக் கறையோடு, நாலாக மடித்தபடியே இருந்தது.

அன்றைக்கே காரைத் தென்காசிக்கு விடச் சொன்னாள் ஜோதிலட்சுமி. சாயங்காலம் நாலு மணிக்குப் படத்தோடு திரும்பி வந்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வலது பக்கம், மேலே, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளை நிழல். ஓரம் சீராக இல்லை.

டாக்டர் உட்காரச் சொன்னாள். இது என்னவென்று படத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றாள். புற்றுக்கட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தையும் மறைக்காமல் சொன்னாள். நாளைக்கே போகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றாள். ஒரு வாரம் முன்னாலேயே இந்தப் படத்தை எடுத்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது மேஜைமேல் கிடந்த கறைச் சீட்டிலேயே எழுதியிருந்த மாதிரி இருந்தது.

ஆவுடைநாயகத்தின் கண் படத்திலிருந்து ஜன்னலுக்குப் போனது. வெளியே மாடன் மாத்திரை வாங்க வந்திருந்தான். தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒவ்வொன்றாக விழுங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இந்த மாத்திரையை ஆறு மாதம் தின்றால் முழுக்கச் சரியாகிவிடும் என்று கோமதிசங்கர் அவனிடம் நூறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவுடைநாயகம் திரும்பி, டாக்டரை விட்டுவிட்டு, கதவோரம் நின்ற யோகலட்சுமியைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னொரு கப் தாயேன். நல்லா அடியில இருந்து எடுத்துத் தாரேன். ஒருவேள காசமாவே இருக்கும், உன் மெஷின் விட்டிருக்கும்."

தன் குடும்பத்தில் கிடையவே கிடையாது என்று சொன்ன வியாதியைத்தான் அவர் கேட்டார். யோகலட்சுமிக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு சொல் வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதை விழுங்கினாள்.

"எந்திரம் விடவும் செய்யும் அண்ணாச்சி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது என்னன்னு துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். எங்கிட்ட இருக்குத கப்பு அதுக்குக் காணாது" என்றாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஜோதிலட்சுமியின் கையில் கொடுத்தாள். அவரிடம் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துவிடுவார்.